செமினாரில் மறுத்துக் கேட்கலாமா? ஒரு மாணவிக்குப் பதில்

"வணக்கம் மேடம். எம்.ஏ. பொருளியல் முதலாண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான்தான். வெள்ளிக்கிழமைதோறும் செமினார். 22 பேர் இருக்கிறோம், பேசுவது நாலைந்து பேர்தான். போன மாதம் ஒரு சீனியர் அக்கா கட்டுரை வாசித்தார். அதன் இரண்டாவது டேபிளைக் காட்டி, தமிழ்நாட்டில் எழுத்தறிவு 1981-ல் 54 சதவீதம், 1991-ல் 63 சதவீதம், இடையில் 1982-ல் வந்த சத்துணவுத் திட்டம்தான் இதற்குக் காரணம் என்றார். அதற்கு முந்தைய பத்தாண்டிலும் எழுத்தறிவு ஏறியிருக்கிறதே என்று நோட்டில் எழுதி வைத்தேன். ஆனால் கேட்கவில்லை. மனதுக்குள் ஆங்கிலத்தில் வாக்கியம் கோப்பதற்குள் சார் நன்றி சொல்லி முடித்துவிட்டார். அந்தக் கட்டுரைக்கு வழிகாட்டியதே சார்தான். மறுத்துக் கேட்டால் மரியாதைக் குறைவு ஆகுமா? இன்டர்னலில் கை வைத்துவிடுவாரா? மற்ற எல்லாருக்கும் புரிந்துவிட்டது, எனக்குத்தான் புரியவில்லையோ என்றும் தோன்றுகிறது."

அன்புள்ள மாணவிக்கு,

மரியாதை, மதிப்பெண் எல்லாவற்றுக்கும் அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் நோட்டில் இருக்கும் அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுவோம். ஆலோசகராக வருவதற்கு முன் பல ஆண்டுகள் நானும் பொருளியல் வகுப்பு எடுத்தவள் என்பதால், அந்த வரியை விட்டுவிட்டு மேலே போக மனம் வரவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 1971-ல் 45.40 சதவீதம், 1981-ல் 54.39, 1991-ல் 62.66. அதாவது திட்டம் வருவதற்கு முந்தைய பத்தாண்டில் ஏற்றம் 9 புள்ளி, திட்டம் வந்த பத்தாண்டில் 8 புள்ளிக்குச் சற்று மேல். திட்டம்தான் காரணம் என்றால், அது இல்லாத காலத்திலும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஏறியது எப்படி? உங்களுக்கு உறுத்தியது இதுதான். சரியாகத்தான் உறுத்தியிருக்கிறது.

ஆனால் இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 1971-ன் விகிதம் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை வைத்துக் கணக்கிட்டது. 1981 முதல் தரப்படும் விகிதமோ 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அப்போது எழுதப் படிக்க வந்திருக்காது. அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாலே விகிதம் கொஞ்சம் உயர்ந்துவிடும். ஆகவே அந்த 9 புள்ளியில் ஒரு பங்கு, கணக்கிடும் முறை மாறியதால் வந்தது. உங்கள் மறுப்பில் பாதி சரி, மீதியைச் சரிபார்க்க வேண்டும். அந்த அக்காவின் கட்டுரையும் அதே நிலையில்தான் இருக்கிறது. நீங்கள் வாய் திறந்திருந்தால் இரண்டு பேருமே கட்டுரையை ஒரு படி மேலே கொண்டுபோயிருப்பீர்கள். செமினார் என்று ஒரு மணி நேரம் ஒதுக்குவது அதற்காகத்தான். முழுக்கச் சரி என்று உறுதியான பிறகே பேச வேண்டும் என்று காத்திருந்தால், சரிபார்க்கிற அந்த வேலை நடக்கவே நடக்காது.

எல்லாருக்கும் புரிந்துவிட்டதா?

இந்த எண்ணத்தைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் வாயை அடைத்ததில் இதற்குத்தான் பெரிய பங்கு. டேல் மில்லர், கேத்தி மக்ஃபார்லண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1987-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வேண்டுமென்றே குழப்பமாக எழுதிய ஒரு கட்டுரையை மாணவர்களிடம் கொடுத்து, புரியாவிட்டால் வந்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் எழுந்து வரவில்லை. பிறகு விசாரித்தபோது தெரிந்தது இது: ஒவ்வொருவரும் தான் சங்கடத்தால் கேட்கவில்லை என்று அறிந்திருந்தார்கள். ஆனால் அடுத்தவர் கேட்காமல் இருப்பது புரிந்துவிட்டதால்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். எல்லாருடைய மௌனமும் ஒன்றுதான். ஆனால் நம் மௌனத்துக்கு ஒரு காரணமும் அடுத்தவர் மௌனத்துக்கு வேறு காரணமும் நாமே கற்பித்துக்கொள்கிறோம்.

உங்கள் வகுப்பில் பேசாமல் இருக்கும் பதினேழு பதினெட்டு பேரும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. செமினார் முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் தோழியிடம் "அந்த ரெண்டாவது டேபிள் உனக்குப் புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து கேட்டாலே உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

மறுப்பு என்பது ஒரே வகை இல்லை

தமிழ் வழியில் படித்தவர் நீங்கள், வினா வகை ஆறு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அறியா வினா, தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. ஐய வினா, இதுவா அதுவா என்று தெளியக் கேட்பது. அறி வினா, தனக்கு விடை தெரிந்தும் எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது. செமினாரில் மனதைப் புண்படுத்துவது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். கேள்வி போல வரும், ஆனால் உள்ளே இருப்பது பரீட்சை. கட்டுரை வாசிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். உங்களுடையது அந்த வகை இல்லை. உங்களுக்கு உண்மையிலேயே விடை தெரியாது. அது அறியா வினா.

அதேபோல, கருத்தை எதிர்கொள்ளும் வழிகள் ஏழு என்று நன்னூல் சொல்கிறது. எழுவகை மதம் என்று பெயர். உடன்படல் ஒன்று, மறுத்தல் ஒன்று. மூன்றாவது, 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு'. அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, அதன் வழியே நடந்து பார்த்து, எங்கே நிற்கவில்லையோ அங்கே நீக்குவது. முதுகலை செமினாரில் பயன்படுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வழிதான். மறுப்பு என்றாலே எழுந்து நின்று 'இது தவறு' என்று தீர்ப்புச் சொல்வது என்று நினைத்துக்கொண்டு, அதற்குத் துணிவு இல்லையே என்று வருந்துகிறீர்கள். அந்தத் துணிவு உங்களுக்குத் தேவையே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் என்னிடம் வந்தார். கூர்மையான பிள்ளை. சக மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்து முடித்ததும், "உங்க முடிவே தப்பு, டேட்டாவே இல்லாம பேசுறீங்க" என்று ஆரம்பித்துவிட்டார். அவர் சொல்ல வந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் வாசித்தவர் அதற்கப்புறம் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே நேரத்தைக் கழித்தார், எண்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. மாணவருக்கு வருத்தம், ஏன் யாரும் தன் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று. அவர் முடிவைத் தாக்கினார். முடிவுக்குப் போன வழியில் ஓர் இடத்தைக் காட்டியிருந்தால் பதில் வந்திருக்கும்.

உங்கள் கேள்வியைக் கட்டிப் பார்ப்போம்

நான் மாணவர்களிடம் மூன்று துண்டாக எழுதச் சொல்வேன். கட்டுரையில் எந்த இடம், அங்கே நீங்கள் கண்டது என்ன, அவரிடம் தெரிந்துகொள்ள விரும்புவது என்ன. உங்கள் கேள்வி இப்படி வரும்:

"அக்கா, ரெண்டாவது டேபிள்ல 81-லேர்ந்து 91 வரைக்கும் எட்டு புள்ளி ஏறியிருக்குன்னு காட்டுறீங்க. அதுக்கு முந்தின பத்து வருஷத்துல ஒன்பது புள்ளி ஏறியிருக்கு. அப்ப திட்டத்தோட பங்கை எப்படிப் பிரிச்சுப் பாத்தீங்க?"

சொல்லி முடிக்க இருபது விநாடிகூட ஆகாது. இதில் 'தப்பு' இல்லை, 'எனக்கு ஒன்றும் தெரியாது, மன்னிக்கவும்' என்ற முன்னுரையும் இல்லை. அந்த முன்னுரையைக் கட்டாயம் விட்டுவிடுங்கள். பணிவு என்று நினைத்துத்தான் சொல்கிறோம், ஆனால் கேட்பவர்கள் அந்த இடத்திலேயே கவனத்தைக் குறைத்துவிடுகிறார்கள். பணிவுக்கு 'அக்கா' போதும். 'எப்படி' என்ற சொல்லையும் கவனியுங்கள். 'ஏன் பிரித்துப் பார்க்கவில்லை' என்றால் குற்றச்சாட்டு. 'எப்படிப் பார்த்தீர்கள்' என்றால், பார்த்திருந்தால் விளக்கலாம், பார்க்காவிட்டால் "பார்க்கலை, பார்க்கணும்" என்று சொல்லவும் அவருக்கு இடம் இருக்கிறது.

அடுத்து என்ன வரும் என்பதற்கும் தயாராக இருக்க வேண்டும். பல பேர் கேள்வியோடு நின்றுவிட்டுப் பதில் வந்ததும் தலையாட்டி உட்கார்ந்துவிடுவார்கள். அக்கா ஒருவேளை நான் மேலே சொன்ன வயது மாற்றத்தைச் சொல்லி, "71 கணக்கு வேற அடிப்படை, ரெண்டையும் நேரா ஒப்பிட முடியாது" என்று பதில் தரலாம். அப்போது நீங்கள் தோற்றுவிட்டதாக அர்த்தம் இல்லை. "சரிக்கா, அது எனக்குத் தெரியாது" என்று தயங்காமல் சொல்லிவிட்டு, ஒரே ஒரு தொடர் கேள்வி கேட்கலாம்: "அப்ப ஒரே வயசு வரம்புல வச்சுப் பாத்தா முந்தின பத்து வருஷத்து ஏற்றம் எவ்வளவு வருது?"

இதைவிட நல்ல தொடர் கேள்வி ஒன்றும் உண்டு. 1982 ஜூலையில் திட்டம் தொடங்கியபோது கிராமப்புறத்தில் 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கும், தொடக்கப் பள்ளியில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கும்தான் உணவு. பிறகு நகரங்களுக்கும், 1984-ல் 15 வயது வரையும் விரிந்தது. 1982-ல் 5 முதல் 9 வயதில் இருந்தவர்களுக்கு 1991-ல் 14 முதல் 18 வயது. சோறு போட்டதால் பள்ளிக்கு வந்து எழுத்தறிவு பெற்றார்கள் என்றால், அந்த விளைவு முதலில் இந்த வயதினரிடம் தெரிய வேண்டும், நாற்பது வயதுக்காரரிடம் இல்லை. "இந்த வயசுக்காரங்களைத் தனியா எடுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டால், அதுவும் மறுப்புதான். ஆனால் கட்டுரை வாசித்தவர் அதைக் குறித்துக்கொண்டு நூலகத்துக்குப் போவார். அவர் பேனாவை எடுத்து எழுதினார் என்றால் உங்கள் கேள்வி வேலை செய்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு தொடர் கேள்வியோடு நிறுத்திவிடுங்கள். மூன்றாவது முறை போனால் அது உங்கள் இருவருக்கும் நடுவே நடக்கும் வழக்கு ஆகிவிடும், மற்ற 20 பேர் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். மீதியை வெளியே வராந்தாவில் பேசிக்கொள்ளலாம்.

அந்த ஒரு விநாடி

'வேறு கேள்வி உண்டா' என்பதற்கும் 'நன்றி' என்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி நீங்கள் நினைப்பதைவிடக் குறுகியது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தது சுமார் ஒரு விநாடிதான் என்று கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். உங்கள் செமினார் பள்ளி வகுப்பு இல்லை, ஆனால் அந்த அவசரத்தை நான் பல அறைகளில் பார்த்திருக்கிறேன். ஒரு விநாடிக்குள் யாராலும் புது வாக்கியம் கோக்க முடியாது. அதிலும் இரண்டாவது மொழியில் முடியவே முடியாது. ஆகவே அன்று நீங்கள் தவறவிட்டதற்கு உங்கள் திறமையைக் குறை சொல்லாதீர்கள்.

இதற்கு வழி, வாக்கியம் முன்பே தாளில் இருப்பது. கட்டுரையை முன்கூட்டியே தருவார்கள் என்றால் முதல்நாள் இரவே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் வாசிக்கும்போதே முதல் வாக்கியத்தை மட்டும் அப்படியே, சொல்லப் போகும் சொற்களிலேயே எழுதுங்கள். வாய் திறந்த முதல் ஐந்து விநாடிதான் குரல் நடுங்கும். அந்த நேரத்தில் தாளைப் பார்த்து வாசித்தால் போதும், இரண்டாவது வாக்கியம் தானாக வரும். அழைப்புக்குக் காத்திருக்காமல், முந்தைய பதில் முடியும் தறுவாயிலேயே கையைத் தூக்குங்கள். பேராசிரியரின் கண் படும் இடத்தில், இரண்டாவது வரிசையில் உட்காருவதும் உதவும். கடைசி வரிசையில் தூக்கிய கையை அவர் பார்க்காமலேயே போய்விடலாம், அதை அலட்சியம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டுவிடுவீர்கள்.

முடிந்தால் முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள். ஆரம்பத்தில் அறை இளகியிருக்கும், உங்கள் கேள்வியை வேறு யாரும் கேட்டுவிடும் அபாயமும் இல்லை. 10 நாடுகளில் ஏறக்குறைய 250 பல்கலைக்கழக செமினார்களைக் கவனித்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்களைவிடப் பெண்கள் மிகக் குறைவாகவே கேள்வி கேட்டார்கள். முதல் கேள்வியை ஆண் கேட்ட இடங்களில் இந்த இடைவெளி இன்னும் அதிகமாக இருந்தது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் துறையில் பேராசிரியரே தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார் என்று நினைக்கிறேன். கலைச்சொல்லை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு வாக்கியத்தைத் தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று துறையில் விதி இருந்தால், மேலே சொன்ன மூன்று துண்டையும் மூன்று சின்ன வாக்கியங்களாக எழுதி வாசித்துவிடுங்கள். எழுதி வைத்து வாசிப்பது குறை இல்லை, மாநாடுகளில் பேராசிரியர்களே செய்வதுதான்.

சாரும் மதிப்பெண்ணும்

கட்டுரைக்கு வழிகாட்டியவர் சார் என்பதால் கேள்வி அவரை நோக்கியது ஆகிவிடாது. கேள்வியை வாசித்தவரிடம் கேளுங்கள், அவரைப் பார்த்துக் கேளுங்கள். சாரின் முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் அவரைச் சவாலுக்கு அழைப்பது போல ஆகும். சாரே சொன்ன ஒன்றில் உங்களுக்கு ஐயம் என்றால், அதை மட்டும் முதலில் அவர் அறையில் கேட்டுப் பார்ப்பது நல்லது. "சார், நேத்து நீங்க சொன்ன இடத்துல எனக்கு ஒண்ணு விளங்கலை" என்று புத்தகத்தோடு போங்கள். அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்துவிடும். சில பேர், "இதை வகுப்புலயே கேட்டிருக்கலாமே" என்பார்கள். அது உங்களுக்குக் கிடைத்த அனுமதி.

எல்லா ஆசிரியரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். கேள்வியைத் தன் மீதான குறையாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. இரண்டு மூன்று வாரம், வழக்கமாகப் பேசுகிற அந்த நாலைந்து பேரை அவர் எப்படி நடத்துகிறார் என்று கவனியுங்கள். கேள்வி கேட்டவரின் ஊரை, ஆங்கிலத்தை, படித்த பள்ளியைப் பற்றிப் பேச்சு வருகிறது என்றால் அந்த அறையில் எச்சரிக்கையாக இருப்பது கோழைத்தனம் இல்லை. அப்போது கேள்வியை ஒரு சீட்டில் எழுதி, கட்டுரை வாசித்தவரிடமே பிறகு கொடுங்கள். பேச்சு எண்களைப் பற்றி மட்டும் இருந்தால், குரல் கடுமையாக இருந்தாலும் பயப்பட வேண்டாம்.

மதிப்பெண்ணில் உண்மையான அபாயம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75. அந்த 25-ம் டெஸ்ட், அசைன்மென்ட், செமினார் என்று பிரிந்துதான் வரும். உங்கள் துறையில் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பாடத்திட்ட நூலில் பார்த்துக்கொள்ளுங்கள். திருத்திய டெஸ்ட் தாள், அசைன்மென்ட் எல்லாவற்றையும் வைத்திருங்கள். இன்டர்னல் பட்டியலில் கையெழுத்து வாங்கும் வழக்கம் பல துறைகளில் உண்டு. அந்த நேரத்தில் கூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கணக்கு இடித்தால் முதலில் அவரிடமே, அப்புறம் துறைத் தலைவரிடம் கேளுங்கள். அதற்கும் மேலே, யுஜிசி 2023-ல் கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறையின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். நியாயமற்ற மதிப்பீடும் அதன் வரம்புக்குள் வரும். புகார் கிடைத்த 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை தர வேண்டும், அதில் நிறைவு இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். சந்தேகத்தின் பேரில் முதல் நாளே இதைக் கையில் எடுக்க வேண்டாம், தாள்கள் கையில் இருந்தால் மட்டுமே இது பயன்படும்.

போன மாதத்துக் கேள்வி இன்னும் உங்கள் நோட்டில் இருக்கிறது. அந்த அக்கா அந்தக் கட்டுரையை ஆய்வேட்டுக்காக விரிக்கிறார் என்றால் அவருக்கு அது இப்போதும் தேவைப்படும். திங்கட்கிழமை நூலகத்தில் பார்த்தால், "அக்கா, உங்க ரெண்டாவது டேபிள் பத்தி ஒண்ணு கேக்கணும், 71 கணக்குக்கும் 81 கணக்குக்கும் வயசு வரம்பு ஒண்ணுதானா?" என்று கேளுங்கள். இருவரும் சேர்ந்து கணக்கெடுப்பு நூலை எடுத்துப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, வேறொருவர் கட்டுரைக்கு, கையைத் தூக்குங்கள்.